துள்ளும் பந்தின் உயரக் கணக்கு

டென்னிஸ் பந்து ஒன்று ஆட்டத்துக்குத் தகுதியானதா என்று பார்க்க, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு எளிமையான ஒரு சோதனையை விதியாக வைத்திருக்கிறது. பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் போன்ற கெட்டியான சமதளத்தில் விழவிட வேண்டும். அது மோதி எழும் உயரம் 135 செ.மீ.க்கும் 147 செ.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் பந்து சோம்பல், கூடினால் துடுக்கு. இரண்டுமே ஆட்டத்துக்கு ஆகாது. 254 என்ற எண் வினோதமாகத் தெரியலாம். 100 அங்குலத்தைச் சென்டிமீட்டரில் சொன்னால் அது கிடைக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையில் முதல் துள்ளலை மட்டும்தான் அளக்கிறார்கள். ஆனால் அந்த ஒரே அளவிலிருந்து இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது துள்ளலின் உயரத்தையும் சொல்லிவிடலாம். பந்து எத்தனை வினாடியில் அடங்கும் என்றுகூடச் சொல்லலாம். இதற்குத் தேவையானது ஒரே ஒரு எண். அதன் பெயர் மீளமைவுக் குணகம்; e என்ற எழுத்தால் குறிப்பார்கள்.

இதன் பொருள் மிக நேரானது. பந்து தரையைத் தொடும் கணத்தில் ஒரு வேகம் இருக்கிறது. தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் இன்னொரு வேகம் இருக்கிறது. கிளம்பும் வேகத்தைத் தொடும் வேகத்தால் வகுத்தால் வருவதே e. இரண்டு பொருள்கள் நகர்ந்து மோதும்போது, ஒன்றை ஒன்று நெருங்கும் வேகத்தையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் வேகத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தரை நகராததால் நமக்குப் பந்தின் வேகம் மட்டுமே போதும். வேகம் கொஞ்சமும் குறையாமல் திரும்பினால் e-யின் மதிப்பு 1. களிமண் உருண்டைபோல் அப்படியே ஒட்டிக்கொண்டால் 0. நாம் கையாளும் பந்துகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பவை.

ஆனால் வேகத்தை யார் நேராக அளக்கிறார்கள்? கண்ணுக்குத் தெரிவது உயரம்தான். எனவே வேகத்தையும் உயரத்தையும் இணைக்க வேண்டும். h உயரத்திலிருந்து சும்மா விடப்பட்ட பந்து தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் வேகம் இது:

v = √(2gh)

இதில் g என்பது புவியீர்ப்பு முடுக்கம், வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர். இதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால், v வேகத்தில் மேலே கிளம்பும் பந்து v²/2g உயரம் வரை போகும். இப்போது இரண்டையும் சேர்ப்போம். பந்து h₀ உயரத்திலிருந்து விழுகிறது. தொடும் வேகம் √(2gh₀). கிளம்பும் வேகம் அதன் e மடங்கு. அந்த வேகத்தை வர்க்கம் செய்து 2g-யால் வகுத்தால் முதல் துள்ளலின் உயரம் வந்துவிடும்:

h₁ = e² h₀

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. முதலாவது, g அடிபட்டுப் போய்விட்டது. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்காக உள்ள நிலவிலும், e அதேதான் என்றால், பந்து அதே உயரத்துக்குத்தான் எழும். அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டுமே கூடும். இரண்டாவது, உயரங்களின் விகிதம் e அல்ல, e-யின் வர்க்கம். தேர்வுத்தாளில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. "மீளமைவுக் குணகம் 0.8, பந்து 1 மீட்டரிலிருந்து விழுகிறது, எழும் உயரம் என்ன?" என்றால் கை தானாக 80 செ.மீ. என்று எழுதிவிடும். சரியான விடை 64 செ.மீ. குணகம் பேசுவது வேகத்தைப் பற்றி. உயரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது.

டென்னிஸ் பந்துக்குத் திரும்புவோம். விதியின் எல்லைக்குள் இருக்கும் ஒரு பந்து 2.54 மீட்டரிலிருந்து விழுந்து 1.40 மீட்டர் எழுகிறது என்று கொள்வோம். 1.40-ஐ 2.54-ஆல் வகுத்தால் 0.551. இதுதான் e². வர்க்கமூலம் எடுத்தால் e = 0.742. வேகத்தை வைத்துச் சரிபார்க்கலாம்: தரையைத் தொடும் வேகம் வினாடிக்கு 7.06 மீட்டர், கிளம்பும் வேகம் 5.24 மீட்டர், விகிதம் அதே 0.742 வருகிறது. 0.551 என்ற எண்ணுக்குத் தனியாகவும் ஒரு பொருள் உண்டு. பந்தின் ஆற்றலில் 55 விழுக்காடு மோதலுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கிறது; மீதி 45 விழுக்காடு ரப்பர் நசுங்கி விரியும்போது வெப்பமாகவும், கொஞ்சம் அதிர்வாகவும் ஒலியாகவும் போய்விட்டது. நல்ல பந்து என்று விதி ஏற்றுக்கொண்ட பந்தே ஒரு மோதலில் கிட்டத்தட்டப் பாதி ஆற்றலை இழக்கிறது.

அடுத்த துள்ளலுக்குப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பந்து 1.40 மீட்டர் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அங்கிருந்து மறுபடி விழுகிறது. அதாவது 1.40 மீட்டரிலிருந்து புதிதாக விடப்பட்ட பந்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே மறுபடியும் 0.551-ஆல் பெருக்கினால் போதும். இரண்டாம் துள்ளல் 77 செ.மீ., மூன்றாவது 43, நான்காவது 23, ஐந்தாவது 13, ஆறாவது 7, ஏழாவது 4. சுருக்கமாக எழுதினால்:

hₙ = e²ⁿ h₀

அடுக்கில் n மட்டும் இல்லாமல் 2n இருப்பதற்குக் காரணம் முன்பு சொன்ன வர்க்கம்தான். எந்தத் துள்ளலில் உயரம் 1 செ.மீ.க்குக் கீழே போகும் என்று கேட்டால், பெருக்கிக்கொண்டே போகலாம்: எட்டாவது 2.2 செ.மீ., ஒன்பதாவது 1.2, பத்தாவது 0.7. பத்தாவதில் போய்விடுகிறது.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். பந்தின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையே விடும்போதும் எழும்போதும் அளக்க வேண்டும். ஏனென்றால் பந்து தரையைத் தொடும்போது அதன் அடிப்பகுதிதான் பூஜ்ஜிய உயரத்தில் இருக்கிறது. சிலர் விடும்போது அடிப்பகுதியை அளவுகோலின் 1 மீட்டர் கோட்டில் வைப்பார்கள். எழும்போது கண்ணில் படுகிற உச்சியை, அதாவது பந்தின் மேல்பகுதியைக் குறிப்பார்கள். டென்னிஸ் பந்தின் விட்டம் சுமார் 6.6 செ.மீ. நம் பந்து 55 செ.மீ. எழ வேண்டிய இடத்தில் 61.7 என்று பதிவாகும், e 0.742-க்குப் பதில் 0.785 ஆகிவிடும். பின்னால் வரும் தாழ்ந்த துள்ளல்களில் இதே 6.6 செ.மீ. இன்னும் பெரிய விபரீதம் செய்யும். அளந்த உயரங்களை வரிசையாக வகுத்துப் பார்க்கும்போது விகிதம் துள்ளலுக்குத் துள்ளல் சீராக ஏறிக்கொண்டே போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பிழையை.

e என்ற எண் பந்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. மோதும் இருவருக்கும் அது பொது. அதே பந்தைக் கான்கிரீட்டில் விட்டால் ஒரு மதிப்பு, கம்பளத்தில் விட்டால் வேறு மதிப்பு. டைல்ஸ் பதித்த தரையில் ஓரிடத்தில் மட்டும் பந்து மந்தமாக எழுந்தால், அந்த டைலுக்கு அடியில் சிமெண்ட் பிடிக்காமல் வெற்றிடம் இருக்கலாம். விரலால் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பந்து கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கை டைலே அதிர்ந்து விழுங்கிவிடுகிறது. "கடினமான தரை" என்று கணக்குப் புத்தகங்கள் கவனமாகச் சொல்வதன் பொருள், தரை அசையாமல் இருந்து, இழப்பு முழுவதையும் பந்தின் தலையிலேயே கட்டலாம் என்பதே.

வேகங்களின் விகிதம் பொருளைப் பொறுத்தது, மோதும் வேகத்தைப் பொறுத்தது அல்ல என்று அளந்து சொன்னவர் நியூட்டன். 1687-இல் வெளியான பிரின்சிபியாவில், நூலில் தொங்கவிட்ட உருண்டைகளை ஊசலாக ஆட்டி மோதவிட்ட சோதனைகளை அவர் விவரிக்கிறார். இறுகச் சுற்றிய கம்பளி உருண்டைகள் 9-க்கு 5 என்ற விகிதத்தில் விலகின. கண்ணாடி உருண்டைகள் 16-க்கு 15. இவற்றை e ஆக்கினால் கம்பளிக்கு 0.56, கண்ணாடிக்கு 0.94. ஊசலை அவர் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. அன்று வேகத்தை நேராக அளக்க வழியில்லை. ஊசல் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை அளந்து வேகத்தைக் கணக்கிட முடிந்தது. நாம் துள்ளும் உயரத்தை அளப்பதும் அதே யுக்திதான்.

ஆனால் உயரத்தை அளப்பது தொல்லை. பந்து உச்சியில் நிற்பது கணநேரம். கண் அந்த மட்டத்தில் இல்லாவிட்டால் அளவுகோலில் தவறான கோடு தெரியும். இதைவிடச் சுலபமான வழி, காதால் அளப்பது. பந்து மேலே போய்க் கீழே வர எடுக்கும் நேரம் கிளம்பிய வேகத்துக்கு நேர்விகிதம்: t = 2v/g. வேகம் ஒவ்வொரு மோதலிலும் e மடங்காகிறது என்றால், அடுத்தடுத்த 'டக்' ஒலிகளுக்கு இடையிலான நேரமும் அதே e மடங்காகக் குறைய வேண்டும். இங்கே வர்க்கமே இல்லை; அடுத்த இடைவெளியை முந்தைய இடைவெளியால் வகுத்தால் e நேராகக் கையில் வந்துவிடும். பந்து கடைசியில் 'டகடகடக' என்று விரைந்து ஒலித்து அடங்குவதன் கணக்கு இதுதான்.

கைபேசியில் ஒலியைப் பதிவுசெய்து, அலைவடிவம் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் திறந்தால் மோதல்கள் கூர்முனைகளாகத் தெரியும். ஜெர்மனியின் ஆஹன் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கி இலவசமாகத் தரும் phyphox செயலியில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. ஒலியைக் கேட்டு இடைவெளிகளையும் உயரங்களையும் அதுவே கணக்கிட்டுவிடும். கையால் செய்து பார்ப்பதே எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் எங்கே பிசகுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கண்ணாடிக் கோலி ஒன்றைக் கருங்கல் தளத்தில் போட்ட பதிவில் அடுத்தடுத்த இடைவெளிகள் 0.600, 0.540, 0.486 வினாடி என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 0.540-ஐ 0.600-ஆல் வகுத்தால் 0.90, 0.486-ஐ 0.540-ஆல் வகுத்தாலும் 0.90. e கிடைத்துவிட்டது. உயரமும் இடைவெளியிலிருந்தே கிடைக்கும். இடைவெளியில் பாதி நேரம் ஏறுவது, பாதி நேரம் இறங்குவது, ஆகவே

h = g t² / 8

0.600 வினாடிக்கு 44 செ.மீ., 0.540 வினாடிக்கு 36 செ.மீ. இரண்டின் விகிதம் 0.81, அதாவது 0.9-இன் வர்க்கம். அளவுகோலே தொடாமல் கோலியை எந்த உயரத்திலிருந்து விட்டோம் என்றும் சொல்லலாம்: 44.1-ஐ 0.81-ஆல் வகுத்தால் 54 செ.மீ. இப்போது விட்ட உயரத்தை அளவுகோலால் பார்த்துச் சரிபார்ப்பதுதான் சோதனையின் உண்மையான பரீட்சை. அளவுகோல் 54 காட்டினால் எல்லாம் சரி. 60 காட்டினால், முதல் மோதலில் மட்டும் e குறைவாக இருந்திருக்கிறது என்று பொருள். அதாவது வேகமாக மோதியபோது இழப்பு கூடியிருக்கிறது.

அப்படி நடக்குமா? நடக்கும். நியூட்டன் சொன்ன நிலையான விகிதம் ஒரு நல்ல தோராயமே தவிர, துல்லியமான விதி இல்லை. பெரும்பாலான பொருள்களுக்கு மோதும் வேகம் கூடக்கூட e மெல்லக் குறைகிறது. வலுவாக மோதும்போது பொருள் அதிகம் நசுங்குகிறது. நசுங்குவதில் இழப்பதும் கூடுகிறது. ஆகவே மெய்யான பதிவில் இடைவெளி விகிதங்கள் 0.88, 0.89, 0.90 என்று சிறிது சிறிதாக ஏறுவதைக் கண்டால் திகைக்க வேண்டாம். தாழ்ந்த துள்ளல்களில் மோதல் மென்மையாவதால் பந்து தன் வேகத்தை இன்னும் நன்றாகக் காப்பாற்றிக்கொள்கிறது.

இதே தோற்றத்தைக் காற்றும் தரும். கோலிக்குக் காற்றுத்தடை பொருட்டே இல்லை. டேபிள் டென்னிஸ் பந்துக்கு அது பெரிய விஷயம். எடை 2.7 கிராம், விட்டம் 40 மி.மீ.; இவ்வளவு லேசான, இவ்வளவு அகலமான பந்து காற்றில் விழும்போது அடையக்கூடிய உச்ச வேகமே வினாடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர்தான். 1 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், தரையைத் தொடும் முன்பே ஆற்றலில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றிடம் போய்விடும். அந்த இழப்பையும் மோதலின் கணக்கில் எழுதினால் e உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 30 செ.மீ.யிலிருந்து விட்டால் இது சுமார் 4 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. டேபிள் டென்னிஸ் மேசைக்கான விதியும் அந்த உயரத்தையே சொல்கிறது: 30 செ.மீ.யிலிருந்து விட்ட பந்து மேசையில் பட்டு எங்கும் ஒரே சீராகச் சுமார் 23 செ.மீ. எழ வேண்டும். அதன்படி e சுமார் 0.88.

நம் டென்னிஸ் பந்தும் இதற்கு முற்றிலும் விலக்கு இல்லை. 2.54 மீட்டர் விழுகையில் அதுவும் ஆற்றலில் சில விழுக்காட்டைக் காற்றிடம் விடுகிறது. முதல் துள்ளலிலிருந்து எடுத்த 0.742-இல் அதுவும் கலந்திருக்கிறது. அதனால் நாம் கணக்கிட்ட 77, 43, 23 என்ற உயரங்களைவிட மெய்யான பந்து சற்றுக் கூடுதலாகவே எழும். வித்தியாசத்தைக் குறைக்க வேண்டுமானால், குணகத்தை ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் அளந்துவிட்டுக் கணக்குப் போடுவது நல்லது.

விகிதம் சீராக ஏறாமல் ஒரு துள்ளலில் திடீரென விழுந்தால் காரணம் வேறு. விடும்போது விரல் பட்டுப் பந்து சுழன்றிருக்கும், அல்லது தரையில் ஒரு மேடு பள்ளம் அதைப் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். செங்குத்து வேகத்தில் ஒரு பங்கு பக்கவாட்டு ஓட்டமாகவும் சுழற்சியாகவும் மாறினால் உயரம் குறையும். பந்தோ தரையோ எந்தப் பாவமும் செய்யவில்லை. பந்து விட்ட இடத்திலேயே நின்று துள்ளுகிறதா, நகர்ந்துகொண்டே துள்ளுகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். நகரும் பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி விடுவதே வழி.

இந்தக் கணக்கில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் முடிவு. hₙ = e²ⁿ h₀ என்ற சமன்பாட்டில் உயரம் ஒருபோதும் பூஜ்ஜியமாகாது. எத்தனை முறை 0.551-ஆல் பெருக்கினாலும் ஏதோ கொஞ்சம் மிஞ்சும். அப்படியானால் பந்து முடிவே இல்லாமல் துள்ள வேண்டும். ஆனால் இடைவெளிகளும் அதே போலச் சுருங்குகின்றன. முடிவில்லாத அந்த இடைவெளிகளை எல்லாம் கூட்டினாலும் ஓர் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகையைப் பயன்படுத்தினால், விட்ட கணத்திலிருந்து பந்து அடங்கும் வரை ஆகும் நேரம்

T = √(2h₀/g) × (1 + e)/(1 − e)

டென்னிஸ் பந்துக்கு இது 0.72 × 6.76, அதாவது 4.9 வினாடி. மேலும் கீழுமாக அது கடக்கும் மொத்தத் தூரம் h₀(1 + e²)/(1 − e²), அதாவது சுமார் 8.8 மீட்டர். பத்தாவது மோதலுக்குப் பிறகு எஞ்சியிருக்கும் முடிவில்லாத துள்ளல்கள் அனைத்துக்கும் சேர்த்து ஆகும் நேரம் 0.3 வினாடிகூட இல்லை. தூரம் 3 செ.மீ. எண்ணிக்கையில் முடிவில்லாதது நேரத்தில் முடிந்துவிடுகிறது.

மெய்யான பந்து அந்த முடிவிலியை எட்டுவதில்லை. தரையில் சும்மா வைத்த பந்துகூடத் தன் எடையால் அடியில் மிகச் சிறிதளவு அமுங்கியிருக்கும். டென்னிஸ் பந்துக்கு அது ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு. துள்ளும் உயரம் அந்த அளவுக்குக் குறைந்ததும் பந்தால் தரையை விட்டு விலக முடியாது. 0.551 என்ற விகிதத்தில் போனால், 2.54 மீட்டரிலிருந்து அந்த அளவுக்கு இறங்க ஏறத்தாழ 20 மோதல்கள் போதும். அதன்பின் நடப்பது துள்ளல் இல்லை. தரையைத் தொட்டபடியே பந்து சில முறை அதிர்ந்து நிற்கிறது. e என்ற எண்ணுக்கு அங்கே வேலை கிடையாது, ஏனென்றால் விலகும் வேகம் என்று ஒன்று இல்லை.